ஹேண்ட் ஹிஸ்டரிகளை ஒரே டிரைவில் கொட்ட வேண்டாம்: வேலூர் போக்கர் படிப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கத்துப் போக்கர் நண்பர்களுக்கும், நம் குழுவிலிருந்து வேலைக்காக வெளிநாடு போய் அங்கிருந்தபடியே படிப்பில் சேர்ந்துகொள்ளும் தம்பிகளுக்கும் வணக்கம்.

போன கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. எல்லோரும் தங்கள் ஹேண்ட் ஹிஸ்டரி கோப்புகளை ஒரே டிரைவில் போடுவது, அதை ஒவ்வொருவரும் தன் போக்கர்ட்ராக்கரில் இறக்கிக்கொள்வது. அதோடு இன்னொன்றும் சேர்ந்து வந்தது. இங்கே இருப்பவர்களுக்கு ராத்திரியில் கம்ப்யூட்டர் சும்மாதானே இருக்கிறது, லண்டன் தம்பி ஆடும் மேசைகளை அவர்கள் பார்வையாளராகத் திறந்து வைத்து ஆட்டங்களைச் சேகரித்துக் கொடுக்கலாம் என்று. கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். "சாஃப்ட்வேர் லீகல்தானேபா, அப்புறம் இன்னா?" என்று ஒரு அண்ணன் கேட்டார். அந்தக் கேள்விக்குக் கூட்டத்தில் யாரும் பதில் சொல்லவில்லை. நான் சொல்ல நினைத்தது நீளமானது, அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தள்ளி வைத்துவிடுவோம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் கொண்டுவந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்துக்குப் பிறகு, நம் ஊரிலிருந்து பணம் கட்டி ஆன்லைன் போக்கர் ஆடுவது என்ற பேச்சே கிடையாது. அதற்கு முன்பே 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் திறமை ஆட்டம் என்று சொன்னதை இன்னும் சிலர் எடுத்துக்காட்டுகிறார்கள். அது மாநிலச் சட்டத்தைப் பற்றிய தீர்ப்பு, மத்தியச் சட்டம் அதற்கப்புறம் வந்தது. வி.பி.என் போட்டுப் புகுவது தளங்களின் விதியை மீறுவது, நம் சட்டத்தைச் சுற்றிப் போவது. ஆகவே கீழே நான் 'ஆடுவது' என்று சொல்வதெல்லாம் அது அனுமதிக்கப்பட்ட நாடுகளில் இருக்கும் தம்பிகளைப் பற்றித்தான். இங்கே நாம் ஞாயிற்றுக்கிழமை சத்துவாச்சாரியில் பிளாஸ்டிக் சிப்பை வைத்து ஆடுவதும் படிப்பதும் மட்டுமே.

சரி, அண்ணன் கேட்டதற்கு வருகிறேன். மென்பொருள் சட்டபூர்வமானதுதான். போக்கர்ட்ராக்கர், ஹோல்டெம் மேனேஜர், ஹேண்ட்2நோட் எல்லாம் காசு கொடுத்து வாங்கும் நேர்மையான பொருட்கள். ஆனால் தளங்கள் விதி எழுதும்போது மென்பொருளின் பெயரை மட்டும் பார்ப்பதில்லை. அதற்குள் போகும் ஆட்டம் யாருடையது, அது எந்த நேரத்தில் திரையில் தெரிகிறது, எவ்வளவு தூரம் நமக்காக யோசிக்கிறது என்று பார்க்கின்றன. அதே போக்கர்ட்ராக்கர் ஒரு தம்பியிடம் அனுமதிக்கப்பட்ட கருவி, இன்னொரு தம்பியிடம் கணக்கு மூடப்படக் காரணம். நம் டிரைவ் யோசனை இந்த மூன்றில் முதல் கேள்வியிலேயே தோற்கிறது.

ஹேண்ட் ஹிஸ்டரி என்றால் என்ன என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக. நீங்கள் ஒரு கை ஆடி முடித்ததும் போக்கர்ஸ்டார்ஸ் மென்பொருள் அதை உங்கள் கணினியில் சாதாரண எழுத்துக் கோப்பாகச் சேமிக்கிறது. `HandHistory` என்ற அடைவுக்குள் உங்கள் ஆட்டப் பெயரிலேயே ஓர் உள் அடைவு இருக்கும், கோப்பு அதில் போய் விழும். நோட்பேடில் திறந்தாலே படிக்கலாம். நடுவிலிருந்து சில வரிகளை மட்டும், பெயர்களை மாற்றி, கீழே போடுகிறேன்:

```
Seat 3: river_ox ($9.80 in chips)
Seat 6: thambi_ldn ($10.35 in chips)
*** HOLE CARDS ***
Dealt to thambi_ldn [Ah 5h]
river_ox: raises $0.15 to $0.25
thambi_ldn: raises $0.65 to $0.90
river_ox: folds
```

இதில் `Dealt to` என்று தொடங்கும் வரியைக் கவனியுங்கள். கோப்பு யாருடையது என்பதற்கு அதுதான் அடையாளம். உங்கள் சீட்டு உங்களுக்கு மட்டும்தான் தெரியும், அதனால் அந்த வரியில் உங்கள் பெயர்தான் வரும். இன்னொருவர் பெயர் இருந்தால் அது இரவல் வாங்கிய கோப்பு.

போக்கர்ட்ராக்கர் இந்த வரிகளைப் படித்து, ஒவ்வொரு எதிராளிக்கும் ஒரு கணக்குப் புத்தகம் திறக்கிறது. உள்ளே இருப்பது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். எத்தனை சதவீதக் கைகளில் தானாகப் பணம் போட்டு உள்ளே வருகிறார் என்பது VPIP. எத்தனையில் முதல் சுற்றிலேயே ஏற்றுகிறார் என்பது PFR. தான் ஏற்றிய பிறகு எதிரே மறுபடி ஏற்றினால் எத்தனை முறை சீட்டைப் போட்டுவிடுகிறார் என்பது இன்னொன்று. ஆட்டம் நடக்கும்போதே அந்த எண்களைச் சின்னப் பெட்டியாக எதிராளியின் இருக்கைக்குப் பக்கத்தில் மிதக்கவிடுவதுதான் ஹட் என்று நாம் சொல்லும் ஓவர்லே.

இப்போது லண்டன் தம்பியின் கணக்கைப் பார்ப்போம். நம் டிரைவ் ஆசை எங்கிருந்து பிறக்கிறது என்று அதில் தெரியும். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை, மேசையில் சாதாரணமாக வருகிற அளவுதான்.

அந்த river_ox என்பவரோடு தம்பி 400 கை ஆடியிருக்கிறார் என்று வைப்போம். கேட்க நிறைய மாதிரி இருக்கிறது. அவர் ஐந்தில் ஒரு கையில் முதலில் ஏற்றுபவர் என்றால் 80 முறை ஏற்றியிருப்பார். அதில் பத்தில் ஒரு தடவை எதிரே யாரோ மறுபடி ஏற்றியிருப்பார்கள். ஆக, நமக்கு வேண்டிய சூழ்நிலை மொத்தம் 8 முறைதான் வந்திருக்கிறது. அந்த எட்டில் ஐந்து முறை சீட்டைப் போட்டுவிட்டார். ஹட் பெட்டி 63 என்று காட்டும். பார்த்தால் உறுதியான எண் போலத் தெரியும். ஆனால் எட்டு முறையை வைத்துக்கொண்டு அவருடைய உண்மையான பழக்கம் சுமார் 30 முதல் 85 சதவீதத்துக்குள் எங்கோ இருக்கிறது என்றுதான் சொல்ல முடியும்.

மேலே உள்ள கையில் தம்பி பிக் பிளைண்டில் இருக்கிறார். ஏற்கெனவே 10 சென்ட் போட்டாயிற்று, 90-க்கு ஏற்ற இன்னும் 80 சென்ட் வைக்கிறார். நடுவில் கிடப்பது எதிராளியின் 25, ஸ்மால் பிளைண்டின் 5, தன் 10, ஆக 40 சென்ட். 80 வைத்து 40 பிடிக்க வேண்டுமென்றால், மூன்றில் இரண்டு முறை, அதாவது 67 சதவீதம், எதிராளி சீட்டைப் போட வேண்டும். அவர் தொடர்ந்தால் நாம் எப்போதும் தோற்போம் என்று வைத்த கறாரான கணக்கு இது. 30-க்கும் 85-க்கும் நடுவே எங்கோ இருக்கிற எண்ணை வைத்து 67-ஐத் தாண்டுமா என்று எப்படிச் சொல்வது? சொல்ல முடியாது.

இங்கேதான் டிரைவ் கண்ணைச் சிமிட்டுகிறது. ஐந்து பேர் கோப்புகளைச் சேர்த்தால் 400 கை 2,000 ஆகிறது, 8 முறை 40 முறை ஆகிறது. அதில் 28 முறை சீட்டைப் போட்டிருந்தால் 70 சதவீதம். இப்போது உண்மை சுமார் 55-க்கும் 82-க்கும் நடுவே. முழுத் தெளிவு இன்னும் வரவில்லை, 67 இன்னும் அந்த இடைவெளிக்குள்ளேயேதான் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் முன்னைவிட எவ்வளவோ நெருக்கம். இப்படி ஆயிரம் கைகளில் எதிராளிகளை எடைபோட்டால் லாபம் நிஜம். அதனால்தான் தளம் அதைத் தடுக்கிறது. river_ox தம்பியோடு உட்கார்ந்தபோது, தம்பி பார்க்கிற அளவு தானும் தம்பியைப் பார்க்கிறோம் என்ற கணக்கில்தான் உட்கார்ந்தார். மற்ற நாலு பேரும் அந்த நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது.

போக்கர்ஸ்டார்ஸ் விதி இதில் வழவழப்பாக இல்லை. நீங்களே ஆடிச் சேர்ந்த கைகளிலிருந்து வரும் எண்களை ஹட்டில் காட்டிக்கொள்ளலாம். பெரிய தரவுத்தளம் கட்டுவதற்காக மற்றவர்களோடு ஹேண்ட் ஹிஸ்டரிகளைப் பகிர்வது கூடாது. விற்பனைக்கு வரும் ஹேண்ட் ஹிஸ்டரித் தொகுப்புகளை வாங்குவதும் கூடாது. ஆடாமல் மேசைகளைப் பார்த்துக்கொண்டே கைகளைச் சேர்ப்பதற்கு டேட்டா மைனிங் என்று பெயர் வைத்துத் தனியாகத் தடைசெய்திருக்கிறார்கள். ஆக, நம் முதல் யோசனையும் இரண்டாவது யோசனையும் தனித்தனித் தடைக்குள் போகின்றன. ராத்திரி முழுக்க மேசைகளைத் திறந்து வைக்கும் நண்பருக்கு ஒரு பைசா லாபமில்லை. வேலூர் மே மாத வெக்கையில் லேப்டாப்பும் சூடாகும். மாட்டினால் போவது தம்பியின் கணக்கும் அதிலிருக்கும் பணமும்.

"எப்படிக் கண்டுபிடிப்பான்?" என்று அடுத்த கேள்வி வரும். அதைப் பெரிதாக ஆராய எனக்கு விருப்பமில்லை, விதியை மதிப்பது பிடிபடும் வாய்ப்பைப் பொறுத்ததல்ல. ஆனாலும் ஒன்றைச் சொல்கிறேன். தளத்தின் மென்பொருள் ஓடும்போது கணினியில் வேறு என்னென்ன ஓடுகிறது என்று அது பார்க்கிறது, விதிமுறையில் அதற்கு நீங்கள் சம்மதம் கொடுத்திருக்கிறீர்கள். அதைவிட மோசம் இன்னொன்று. நம் ஆட்களில் இருவர் தெரியாமல் ஒரே மேசையில் உட்கார்ந்துவிட்டார்கள் என்று வையுங்கள். இருவர் கோப்பும் டிரைவில் சேரும்போது ஒரே கை எண் இரண்டு முறை வரும். ஒன்றில் இவருடைய சீட்டு, மற்றதில் அவருடைய சீட்டு. கை முடிந்த பிறகுதானே என்று சொல்லலாம். ஆனால் ஒருவர் சீட்டை மற்றவர் பழக்கமாகப் பார்க்கும் இரண்டு கணக்குகள், ஒரே ஊர்க்காரர்கள், ஒரே மேசை. கூட்டுச் சதி என்று தளம் விசாரித்தால் அந்த டிரைவை நாம் எப்படி விளக்குவோம்?

இதே வழியில் நேரலையில் திரையைப் பகிர்ந்து, இங்கிருந்து "போடாதே, மடக்கு" என்று சொல்லிக் கொடுப்பதையும் நிறுத்த வேண்டும். ஒரு கைக்கு ஒரே ஆள் என்பது மேசைப் போக்கர் காலத்திலிருந்து இருக்கும் விதி. அதை ஒரு வரியில் சொல்லி விட்டுவிடுகிறேன்.

ஓவர்லேயில் எது சரி, எது தப்பு என்பதில்தான் நம்மில் பலருக்குக் குழப்பம். போக்கர்ஸ்டார்ஸ் 2015-இல் இதை இறுக்கியது. எண்களை வெறும் எண்களாகக் காட்டும் பெட்டி இருக்கலாம். எதிராளியை இவர் மீன், இவர் பாறை என்று தானாக வகைப்படுத்தி முத்திரை குத்துவது கூடாது. ஆட்டத்தின் இந்த நொடிக்கு ஏற்ப எண்களைத் தானாக மாற்றிக் காட்டும் ஹட்டும் கூடாது. உதாரணமாக, மேலே உள்ள கையில் river_ox ஏற்றியவுடனே, மற்ற எண்களை மறைத்துவிட்டு 'மறு ஏற்றலுக்கு மடக்குவது' என்ற எண்ணை மட்டும் பெரிதாகக் கொண்டுவரும் வசதி. ஹேண்ட்2நோட் வைத்திருப்பவர்கள் அதில் இந்த வசதி இல்லாத தனிப் பதிப்பு போக்கர்ஸ்டார்ஸுக்கென்று வந்ததைப் பார்த்திருப்பீர்கள். காரணம் இதுதான். எந்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்று தேடி எடுப்பது ஆட்டக்காரரின் வேலை, அந்த வேலையை மென்பொருள் செய்யத் தொடங்கினால் அது தகவல் கொடுப்பதிலிருந்து ஆலோசனை சொல்வதற்குத் தாண்டிவிடுகிறது.

ஒரு கையை எப்படி ஆடுவது சிறந்தது என்று கணக்கிட்டுச் சொல்லும் பயோசால்வர் போன்ற சால்வர்கள் அந்த ஆலோசனையின் கடைசி எல்லை. ஆட்டம் முடிந்து, தளத்தை மூடிவிட்டு, மேலே உள்ள கையை அதில் ஓட்டிப் பாருங்கள், நல்ல படிப்பு. மேசை திறந்திருக்கும்போது ஓட்டினால் அது நேரடி உதவி, எந்தப் பெரிய தளமும் விடாது.

போக்கர்ஸ்டார்ஸ் விதி எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜிஜிபோக்கரில் வெளி ஹட் எதுவும் கிடையாது, அவர்களே உள்ளே வைத்த சின்ன ஹட்டோடு சரி. ஆனால் ஆடிய கைகளைத் தரவிறக்கிக்கொள்ள விடுகிறார்கள். அந்தக் கோப்பைத் திறந்தால் உங்கள் பெயருக்குப் பதில் `Hero` என்றும், எதிராளிகளுக்குப் பதில் எழுத்தும் எண்ணும் கலந்த அர்த்தமில்லாத சரங்களும் இருக்கும். உங்கள் ஓட்டையை நீங்கள் கண்டுபிடிக்கலாம், எதிராளியின் ஜாதகத்தை எழுத முடியாது. பார்ட்டிபோக்கர் 2019 ஜூனில் இன்னும் கடுமையாகப் போனது. ஹேண்ட் ஹிஸ்டரி இறக்குவதை நிறுத்தி, எல்லோரையும் ஆட்டப் பெயர் மாற்ற வைத்தது. பழைய பெயரில் சேர்த்து வைத்த கணக்குப் புத்தகமெல்லாம் ஒரே நாளில் செல்லாக் காசு. இக்னிஷன், போவாடா மேசைகளில் எதிராளிக்குப் பெயரே கிடையாது. ஆனால் 24 மணி நேரம் கழித்து இறக்கும் கோப்பில் எல்லோருடைய சீட்டும் தெரியும். பெயரில்லாததால் அதை வைத்து யாரையும் வேட்டையாட முடியாது, படிப்புக்கு மட்டும் அருமையான பொருள்.

விதிப் பக்கத்தைப் படிக்கச் சோம்பலாக இருந்தால்கூட, தளம் கொடுக்கும் கோப்பைத் திறந்து பார்த்தாலே அவர்கள் மனது ஓரளவு புரியும் என்பது என் எண்ணம். பெயரை மறைத்துக் கொடுக்கிறார்கள் என்றால் எதிராளியைத் தொடர வேண்டாம் என்று சொல்கிறார்கள். ஆனாலும் விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், ஆடப்போகிற தம்பி அன்றைய விதிப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் ஹட்டைத் தொட வேண்டும். போன வருஷம் யாரோ சொன்னது போதாது.

இனி நம் குழுவிடம் நான் கேட்பது. டிரைவில் ஏற்கெனவே மூன்று பேர் கோப்பு போட்டிருக்கிறார்கள் என்று தெரியும். அதை நீக்கிவிடுங்கள், யாரும் இனி இறக்க வேண்டாம். ஏற்கெனவே இறக்கியவர்கள் கலந்துபோன தரவுத்தளத்தில் இரவல் கைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்க முயல வேண்டாம், ஏதாவது தங்கிவிடும். போக்கர்ட்ராக்கரில் புதிதாக ஒரு தரவுத்தளம் தொடங்கி, உங்கள் ஆட்டப் பெயரில் உள்ள அடைவை மட்டும் அதில் ஏற்றுங்கள். ஒன்று கவனம்: போக்கர்ட்ராக்கர் ஒருமுறை படித்து முடித்த கோப்புகளைத் தன் சொந்த அடைவுக்கு நகர்த்தி வைத்திருக்கலாம். ஆகவே பழைய கைகளை அங்கிருந்தும் எடுக்க வேண்டும். ஆனால் அங்கே இரவல் கோப்பும் சேர்ந்தே கிடக்கும். ஏற்றும் முன் நாலைந்து கோப்பைத் திறந்து `Dealt to` வரியில் இருப்பது உங்கள் பெயர்தானா என்று பாருங்கள். சரியாக வந்ததும் பழைய தரவுத்தளத்தை அழித்துவிடுங்கள். ஹட்டில் உள்ள எண்கள் இளைத்துப்போகும், 40 முறை மறுபடி 8 ஆகும். அதுதான் தம்பிக்கு உரிமையான எண்.

படிப்பு நிற்க வேண்டியதில்லை. ஒரு கையைப் பேசிப் பார்ப்பதற்காகப் பகிர்வதை எந்தத் தளமும் தடுக்கவில்லை, பயிற்சியாளரிடம் காட்டுவதும் அப்படித்தான். தடை இருப்பது மொத்தமாகச் சேர்த்துத் தரவுத்தளம் கட்டுவதற்கு. ஆகவே ஞாயிறு கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் ஒன்றிரண்டு கை கொண்டு வரட்டும். ஆட்டம் முடிந்து தளத்தை மூடிய பிறகு எடுத்த கையாக இருக்க வேண்டும். நோட்பேடில் திறந்து, எதிராளிகளின் பெயர்களை 'அனைத்தையும் மாற்று' கொடுத்து `BTN`, `SB`, `BB` என்று இருக்கையின் பெயராக்குங்கள். பெயர் இருக்கை வரியில் மட்டுமில்லை, ஆடிய வரிகளிலும் கடைசியில் வரும் சுருக்கப் பகுதியிலும் இருக்கும். தனித்தனியாகத் திருத்தினால் ஒன்று தப்பிவிடும், அதனால்தான் மொத்தமாக மாற்றச் சொல்கிறேன். கோப்பின் தலைப்பில் இருக்கும் கை எண்ணையும் மேசைப் பெயரையும் எடுத்துவிடுங்கள். எதிராளியின் ஹட் எண் விவாதத்துக்கு வேண்டுமென்றால் எத்தனை முறையில் எத்தனை என்று எழுதுங்கள். '63 சதவீதம்' என்று மட்டும் எழுதினால் நான் கேட்கும் முதல் கேள்வி "எட்டில் ஐந்தா, நூறில் அறுபத்துமூன்றா?" என்பதாகத்தான் இருக்கும்.

ஒருங்கிணைப்பாளர்கள் இதை நம் குழு விதியில் எழுத்தில் சேர்க்க வேண்டும். பெயர் மறைக்காத கோப்புகளைக் குழுவில் போடக்கூடாது, பார்வையாளராக மேசைகளைச் சேகரிப்பது கூடாது, நேரலையில் திரை பகிரக்கூடாது. வரும் ஞாயிறு கூட்டத்துக்கு முன்பே டிரைவின் அனுமதியை எடுத்துவிட்டால், அன்றைக்கு உட்கார்ந்து river_ox கையையே பேசலாம். ஏஸ்-ஐந்து ஒரே பூவில் பிக் பிளைண்டில் இருக்கும்போது 8 முறை மட்டுமே தெரிந்த ஒருவருக்கு எதிராக 90-க்கு ஏற்றுவது சரியா, இல்லை வெறுமனே 15 சென்ட் போட்டு அடுத்த சீட்டுகளைப் பார்ப்பது நல்லதா? என் மனசு இரண்டாவது பக்கம்தான் சாய்கிறது, ஆனால் ராணிப்பேட்டை அண்ணன் ஒத்துக்கொள்ள மாட்டார்.

அன்புடன்,
குழுவில் ஒருவன், காட்பாடி